சாதி எதிர்ப்பு இயக்கம் கட்சியானபோது பதவி யார் கைக்குப் போனது?

கேள்வி: "தமிழ்நாட்டில் பெரியாரின் இயக்கத்திலிருந்து பிறந்த கட்சி ஆட்சியையே பிடித்தது என்கிறார்கள். பதவியில் இருக்கும் ஆட்கள் உண்மையிலேயே மாறினார்களா, இல்லை கொடி மட்டும்தான் மாறியதா? யாழ்ப்பாணத்திலும் கோயில் நுழைவுப் போராட்டமெல்லாம் நடந்ததே, அதிலிருந்து ஏன் ஒரு கட்சி வரவில்லை?"

ஆட்கள் மாறினார்கள், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் பலர் நினைக்கிற வரிசையில் மாறவில்லை. முதலில் இயக்கம், பிறகு கட்சி, பிறகு ஆட்சி, கடைசியில் உத்தியோகம் என்றுதான் எல்லார் மனதிலும் இருக்கிறது. திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பித்த காலம் முழுவதும் பிள்ளைகள் விடைத்தாளில் இந்த வரிசையைத்தான் எழுதினார்கள். சென்னை மாகாணத்தில் நடந்தது வேறு. அங்கே முதலில் வந்தது ஒரு கட்சி, அதுவும் வசதியுள்ளவர்களின் கட்சி, அது உத்தியோகத்துக்கு ஆள் எடுக்கும் விதியில் கை வைத்தது. சாதாரண சனத்தைத் திரட்டிய இயக்கம் அதற்குப் பிறகு வந்தது. அந்த இயக்கத்திலிருந்து பிரிந்தவர்கள் ஆட்சியைப் பிடித்தது 1967இல், விதி மாறி நாற்பது வருடம் கழித்து. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

1912ஆம் ஆண்டு சென்னை மாகாணத்துச் சனத்தொகையில் பிராமணர் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பேர். அதே வருடம் துணைக் கலெக்டர் பதவிகளில் நூற்றுக்கு 55, மாவட்ட முன்சீப் பதவிகளில் 72, சார்பு நீதிபதிகளில் 83 அவர்கள் கையில் இருந்தன. இது வெள்ளைக்கார அதிகாரிகளே பொதுச்சேவை ஆணைக்குழுவின் முன் எடுத்து வைத்த கணக்கு, எதிரிகள் கட்டிவிட்ட கதை இல்லை. ஆங்கிலப் படிப்பு யார் வீட்டுக்கு முதலில் போனதோ அங்கேதான் உத்தியோகமும் போனது. ஒருவர் உள்ளே போய்விட்டால் அடுத்த வெற்றிடத்துக்குத் தெரிந்த ஆளைச் சொல்லி விடுவார். இதைப் பார்த்து முதலில் கொதித்தவர்கள் கூலிக்காரர்கள் இல்லை. நிலமும் வியாபாரமும் இருந்தும் கச்சேரியில் கைகட்டி நிற்க வேண்டியிருந்த முதலியார், செட்டியார், ரெட்டியார், நாயர் வீட்டுக்காரர்கள். நடேச முதலியார், பிட்டி தியாகராயர், டி. எம். நாயர் ஆகியோர் 1916இல் தொடங்கிய தென்னிந்திய நல உரிமைச் சங்கம்தான் பிறகு நீதிக்கட்சி என்று பேரெடுத்தது. 1920 தேர்தலில் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான் வாக்கு, காந்தியின் காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணித்தது, நீதிக்கட்சி சுலபமாக மந்திரி சபைக்குள் போனது.

இனி நடந்ததைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். 1921இல் வகுப்புவாரி அரசாணை ஒன்று போட்டார்கள். எல்லா வகுப்பாருக்கும் உத்தியோகத்தில் இடம் கொடுக்க வேண்டும், யார் யாரைச் சேர்த்தீர்கள் என்று துறைத் தலைவர்கள் கணக்கு அனுப்ப வேண்டும் என்றது ஆணை. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் ஆளைத் தெரிவு செய்கிறவர் அதே பழைய துறைத் தலைவர்தான். கணக்குக் கேட்டால் கணக்கு வரும், வேலை வராது. 1924இல் ஆள் எடுப்பதற்கென்று தனி வாரியம் வைத்தார்கள். 1927-28இல், நீதிக்கட்சி ஆட்சியில்கூட இல்லாத நேரத்தில், சுப்பராயன் மந்திரி சபையில் இருந்த முத்தையா முதலியார் ஒரு சுற்று முறையைக் கொண்டுவந்தார். வரும் வெற்றிடங்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ண வேண்டும். அதில் ஐந்து பிராமணரல்லாத இந்துக்களுக்கு, இரண்டு பிராமணருக்கு, இரண்டு முஸ்லிம்களுக்கு, இரண்டு ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும், ஒன்று ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு. பன்னிரண்டு முடிந்தால் திரும்ப முதலிலிருந்து. அதிகாரியின் நல்ல மனதை நம்பி இருக்கத் தேவையில்லை, அடுத்த முறை யாருடையது என்று பதிவேடே சொல்லிவிடும். 1929இல் அந்த வாரியத்தின் இடத்தில் மாகாணத் தேர்வாணையமே வந்துவிட்டது.

1937 தேர்தலில் நீதிக்கட்சி படுதோல்வி அடைந்தது. அந்த அரசாணை விழவில்லை. 1947இல் காங்கிரஸ் அரசாங்கமே அதைத் திருத்தி, பன்னிரண்டைப் பதினான்காக்கி, பிற்பட்ட இந்துக்களுக்கென்று தனியாக இரண்டு இடம் ஒதுக்கியது. 1951இல் மருத்துவ, பொறியியல் கல்லூரி அனுமதி சம்பந்தமான வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முறை செல்லாது என்றபோது பெரியார் ஆட்களும் மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள், சென்னையில் இருந்த காங்கிரஸ் அரசும் ஒதுக்கீட்டின் பக்கம்தான் நின்றது, அந்த வருடமே இந்திய அரசியலமைப்பின் முதலாம் திருத்தம் வந்தது. ஒரு கட்சி தோற்றுப் போனாலும், அது போட்ட விதியால் உத்தியோகம் பெற்ற குடும்பங்கள் ஊரூராக இருந்தால், அடுத்து வருகிறவரால் அதில் கை வைக்க முடியாது. இதற்கு இன்னும் துலக்கமான சாட்சி எம்.ஜி.ஆர். 1979இல் பிற்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு வருடம் 9,000 ரூபாய் வருமான வரம்பு வைத்தார். 1980 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் அவருடைய கட்சிக்குக் கிடைத்தது இரண்டே இடம். உடனே வரம்பை எடுத்துவிட்டு, 31 வீதமாக இருந்த ஒதுக்கீட்டை 50 ஆக்கினார். தோல்விக்கு அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், எதிரணியில் இந்திரா காந்தியும் கருணாநிதியும் சேர்ந்து நின்றார்கள். ஆனால் எம்.ஜி.ஆர். அதைத்தான் காரணமாக எடுத்துக்கொண்டார் என்பதை அவர் செய்த காரியம் காட்டுகிறது.

சரி, விதி இவ்வளவு செய்திருந்தால் இயக்கம் எதற்கு, கட்சி எதற்கு என்று கேட்பீர்கள். விதி முன்சீப்பையும் குமாஸ்தாவையும் மாற்றும். சட்டசபையில் யார் உட்காருவது என்பதை மாற்ற, பணமில்லாதவன் மேடை ஏற வழி வேண்டும். அந்த வழியைப் போட்டது சுயமரியாதை இயக்கம். 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரித் தீர்மானத்தை எடுக்கவிடவில்லை என்று பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். புரோகிதர் இல்லாத கல்யாணம், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்ற 1929 செங்கல்பட்டுத் தீர்மானம், கைம்பெண் மறுமணம் என்று வீட்டுக்குள்ளேயே போன இயக்கம் அது. 1944இல் சேலத்தில், பெரியார் தலைமைக்கு வந்திருந்த நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியபோது அண்ணாதுரை பேரில் வந்த தீர்மானம், ராவ் பகதூர் போன்ற வெள்ளைக்காரன் கொடுத்த பட்டங்களைத் துறக்க வேண்டும் என்றது. பட்டத்தை விட மனமில்லாத பெரிய மனிதர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். மிஞ்சியவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், பத்திரிகை நடத்துகிறவர்கள், நாடகம் எழுதுகிறவர்கள், சின்னக் கடை வைத்திருப்பவர்கள். பின்னாளில் வேட்பாளர்களாக நின்றவர்களில் பலர் இந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள். சேலத்தில் நடந்த இந்தச் சல்லடைதான் பிற்காலத்துச் சட்டசபையின் முகத்தைத் தீர்மானித்தது என்பது என் முடிவு. பலர் இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்து விடுகிறார்கள்.

பெரியாருக்குத் தேர்தல் வேண்டாம். தேர்தலுக்குப் போனால் சனத்துக்குப் பிடித்ததைத்தான் பேச வேண்டி வரும், பிடிக்காததைச் சொல்ல முடியாது என்பது அவருடைய கணக்கு. 1949இல் அண்ணா பிரிந்து திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார், 1956 திருச்சி மாநாட்டில் தேர்தலில் நிற்பதென்று முடிவெடுத்தார்கள். 1957இல் 15 இடம், 1962இல் 50, 1967இல் 234இல் 137. பெரியார் எச்சரித்த விலையையும் கொடுத்தார்கள். கடவுள் மறுப்பின் இடத்தில் "ஒன்றே குலம் ஒருவனே தேவன்" வந்தது, 1963இல் திராவிட நாடு கோரிக்கை கைவிடப்பட்டது, 1967இல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியோடு கூட்டுச் சேர்ந்தார்கள். பலர் கவனிக்காத ஒன்று, அந்தத் தேர்தலில் காங்கிரசும் திமுகவும் தனித்தனியே எடுத்த வாக்கு ஏறக்குறைய சமம், இரண்டும் 41 வீதத்தை ஒட்டி. 1965 இந்தி எதிர்ப்பும் அரிசித் தட்டுப்பாடும் சனத்தின் மனதை மாற்றின என்றால், அதை இடங்களாக மாற்றியது கூட்டணிக் கணக்கு. இயக்கத்தின் கொள்கை மட்டும் ஆட்சியைப் பிடித்துத் தந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியும் மாற்றம் சின்னது இல்லை. திருக்குவளையில் கோயில் நாகசுரம் வாசிக்கும் இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்து, கல்லூரிப் படிப்பில்லாமல், எழுத்தையும் பேச்சையும் மட்டும் வைத்துக்கொண்டு 1957இல் குளித்தலையில் வென்ற கருணாநிதி 1969இல் முதலமைச்சர் ஆகிறார். நீதிக்கட்சிக் காலத்து முதலமைச்சர் பனகல் அரசரையும் இவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே மரபின் முதல் தலைமுறையும் கடைத் தலைமுறையும் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று தெரியும். காமராசர் 1954இலேயே காங்கிரசிலிருந்து முதலமைச்சர் ஆனார், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், பெரியாரே அவரை ஆதரித்தார். இயக்கத்தின் நெருக்குதல் இல்லாமல் காங்கிரஸ் காமராசரை மேலே கொண்டுவந்திருக்குமா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்துச் சொல்வதில்லை, என் சாய்வு கொண்டுவந்திருக்காது என்பதுதான். கிராமத்தில் நடந்த மாற்றம் இன்னும் தாமதம். கர்ணம், மணியம் என்று தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் கிடந்த கிராம அதிகாரிப் பதவிகளை 1980இல்தான் எம்.ஜி.ஆர். அரசு ஒரேயடியாக ஒழித்து, தேர்வாணையம் மூலம் கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது. நிலப் பதிவேடு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ஊரில் அரசாங்கம். அதனால் இந்த ஒரு மாற்றத்தை மந்திரி சபை மாற்றத்துக்குச் சமமாக வைப்பேன்.

இனி இருட்டான பக்கம். பன்னிரண்டில் ஒன்று என்ற அந்தக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். மேல் படியில் இருந்தவரிடமிருந்து நழுவிய பதவி அடுத்த படிக்காரர் கைக்குப் போனது, அடிப் படிக்கு மெல்ல மெல்லத்தான் வந்தது. தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம். சி. ராஜா 1923இலேயே இதைச் சொல்லித்தான் நீதிக்கட்சியை விட்டுப் போனார். 1967இல் அண்ணாவின் மந்திரி சபையில் இருந்த சத்தியவாணி முத்து, தாழ்த்தப்பட்டவர்களைக் கட்சி கைவிட்டுவிட்டது என்று 1974இல் வெளியேறித் தனிக் கட்சி தொடங்கினார். ஐம்பது வருட இடைவெளியில் ஒரே குற்றச்சாட்டு. கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தது 1968 டிசம்பரில், அண்ணா முதலமைச்சராக இருக்கும்போதே. ஊராட்சித் தலைவர் பதவிகளில் தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதி கட்டாயமானபோது நடந்ததுதான் மிகக் கொடுமை. மதுரைப் பக்கம் மேலவளவு தனித் தொகுதியானது, மனுப் போட்டவர்களை மிரட்டினார்கள், தேர்தல் தள்ளிப் போனது, கடைசியில் முருகேசன் தலைவராக வென்றும் அலுவலகத்துக்குள் போக முடியவில்லை. 1997 ஜூன் 30, பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அவரையும் கூட வந்தவர்களையும் வழிமறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். மனுப் போட ஆள் வராது, மீறி ஒருவர் வென்றால் உடனே ராஜினாமா எழுதி வாங்கிவிடுவார்கள். 2006 வரை இது ஓடியது. இங்கே தடுத்தவர்கள் பிராமணர்கள் இல்லை, இயக்கத்தால் பலன் பெற்ற நடுப் படிக்காரர்கள். ஒரு பதவி உண்மையிலேயே கைமாறியதா என்று பார்க்க வென்றவரின் பெயர் மட்டும் போதாது. நாற்காலியில் இருப்பது யார், காசோலையில் கையெழுத்துப் போடுவது யார், முதல் மூன்று மாதத்தில் ராஜினாமா வந்ததா என்று பார்க்க வேண்டும்.

இப்போது நம்முடைய பக்கத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் போராட்டம் குறைவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியாரின் சிறுபான்மைத் தமிழர் மகாசபை 1940களிலேயே இருந்தது, 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது, 1966இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம், பிறகு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசல். ஆனால் அடிப்படைக் கணக்கு சென்னைக்கு நேர் எதிர். சென்னையில் உச்சியில் இருந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர், மற்ற எல்லாரும் "பிராமணரல்லாதார்" என்று ஒரே குடைக்குள் நிற்கலாம். யாழ்ப்பாணத்தில் மேலாதிக்கம் செய்த வெள்ளாளரே எண்ணிக்கையிலும் பெரிய கூட்டம், பாதிக்குக் கிட்ட என்பதுதான் பொதுவான மதிப்பீடு. மதிப்பீடு என்றுதான் சொல்ல முடியும், நம்முடைய குடிசன மதிப்பீட்டில் சாதி கேட்பதில்லை, இந்தியாவிலும் 1931க்குப் பிறகு பல பத்து வருடங்களுக்கு எல்லாச் சாதியையும் எண்ணவில்லை. எதிர்த்தவர்கள் தொகுதி தொகுதியாகச் சிதறி, எந்தத் தொகுதியிலும் தனித்து வெல்லும் நிலையில் இல்லை. அப்படிப்பட்டவர்கள் தனிக் கட்சி கட்டினால் வாக்கு வரும், இடம் வராது. அதனால் அவர்கள் இடதுசாரிகளோடு சேர்ந்தார்கள், மாவிட்டபுரம் காலத்தில் சண்முகதாசனின் கம்யூனிஸ்ட் கட்சிதான் பின்னால் நின்றது. அந்தக் கட்சியோ தேர்தல் பாதையையே நம்பவில்லை. மகாசபையின் எம். சி. சுப்பிரமணியம் 1970இல் நாடாளுமன்றம் போனது நியமன உறுப்பினராக, கொழும்பு அரசாங்கத்தின் தயவில்.

1956க்குப் பிறகு எல்லாவற்றுக்கும் மேலாக மொழிப் பிரச்சினை வந்து உட்கார்ந்துவிட்டது. சென்னையில் தமிழ் என்ற கொடி சாதி எதிர்ப்போடு ஒரே மேடையில் ஏறியது, இங்கே அதே கொடி "இப்போது சாதியைப் பேசாதே, ஒற்றுமை குலையும்" என்று சொல்லப் பயன்பட்டது. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி உடுப்பிட்டியில் ஒடுக்கப்பட்ட சமூகத்து ராசலிங்கத்தை நிறுத்தி வெல்ல வைத்தது நல்ல காரியம், ஆனால் அது கட்சித் தலைமை கொடுத்த இடம், இயக்கம் பிடித்த இடம் இல்லை. கொடுத்ததைத் திருப்பி எடுக்கலாம்.

திருகோணமலையில் சாதி யாழ்ப்பாணம் அளவுக்கு இறுக்கமில்லை என்று சொல்வார்கள், பெரும்பாலும் சரிதான், ஆனால் இல்லை என்று சொன்னால் பொய். இங்கே மாவட்டத்துக்கு நான்கு நாடாளுமன்ற இடம், தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று கணக்குப் போட்டால் ஒரு தமிழ்க் கட்சிக்கு ஒன்று, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. ஒரே ஒரு இடத்துக்கு விருப்பு வாக்குப் போட்டி நடக்கும்போது, சின்னச் சமூகத்துப் பிள்ளையின் பெயர் பட்டியலில் இருக்கும், வெல்லாது. உண்மையில் இங்கே ஆட்களை மாற்றியவை இரண்டு விதிகள். 1963இல் பழைய தலைமைக்காரர் முறையை ஒழித்துப் பரீட்சை வைத்துக் கிராம சேவகரை எடுத்தார்கள், ஊரில் செல்வாக்குள்ள வீட்டுக்குள்ளேயே சுற்றிய விதானைப் பதவி அத்தோடு போனது. மூதூர்ப் பக்கத்து வயதானவர்கள் இன்றும் கிராம சேவகரை விதானையார் என்றுதான் கூப்பிடுவார்கள், வந்து நிற்பதோ யாரோ ஒரு கூலிக்காரரின் மகளாக இருக்கும். இரண்டாவது, உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்ற விதி, 2018 தேர்தலில் முதலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிரதேச சபைக் கூட்டத்தில் ஒரு பெண்ணைக் காண்பதே அபூர்வம். இரண்டையும் செய்தது சாதி எதிர்ப்புக் கட்சி இல்லை, கொழும்பு.

பரீட்சையும் வாக்கும் போகாத ஓர் இடம் இருக்கிறது, கோயில். தமிழ்நாட்டில் எல்லாச் சாதியாரும் அர்ச்சகராகலாம் என்று கருணாநிதி அரசு சட்டம் போட்டது 1970இல். பரம்பரை உரிமையை அது ஒழித்தது செல்லும், ஆனால் நியமனம் ஆகமத்துக்கு உட்பட்டது என்று 1972இல் உச்ச நீதிமன்றம் சொல்ல, சட்டம் கிடப்பில் போனது. 2006இல் திரும்ப ஆணை, பயிற்சிப் பள்ளி, திரும்ப வழக்கு, அரசுக் கட்டுப்பாட்டிலுள்ள கோயில்களுக்கு ஓரளவு எண்ணிக்கையில் நியமனக் கடிதம் கொடுத்தது 2021 ஆகஸ்டில். ஆட்சியை ஆறு முறை பிடித்த கட்சிக்கே அந்த ஒரு பதவியைத் தொட ஐம்பது வருடம். எங்கள் பக்கத்துக் கோயில் பரிபாலன சபைகளில் வாக்கெடுப்பு நடக்கிற இடமும் உண்டு, உரித்துக்காரர் குடும்பம் தவிர வேறு யாரும் வர முடியாத யாப்பு உள்ள இடமும் உண்டு. உங்கள் ஊரில் எது எப்போது மாறியது என்று தெரிந்துகொள்ள விரும்பினால் கிராம சேவகர், பாடசாலை அதிபர், பிரதேச சபை உறுப்பினர், கோயில் சபைத் தலைவர் என்ற இந்த நான்கு பேரின் பட்டியலையும் கடந்த அறுபது வருடத்துக்கு எழுதிப் பாருங்கள். முதல் இரண்டும் பழைய குடும்பங்களை விட்டு முதலில் நகர்ந்திருக்கும், மூன்றாவது பிறகு. நான்காவது எந்த வருடம் நகர்ந்தது என்று அந்தச் சபையின் யாப்பைக் கையில் எடுத்து உறுப்புரிமைப் பகுதியை வாசித்தால் தெரிந்துவிடும்.